கன் கழலவில்லை, லைட்டும் அணையவில்லை: கும்பகோணத்தில் ஒரு ஐப்பசி ராத்திரி

போன ஐப்பசியில் மாயவரத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு மன்னார்குடி திரும்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் கூட வரவில்லை, தனியாகத்தான் என் மின்சாரக் காரை ஓட்டினேன். குத்தாலம் தாண்டியதிலிருந்து மழை. ஆடுதுறை வரும்போது முன்னால் போகிற லாரி தெரியாத அளவுக்கு ஊற்றியது, ரோட்டோர வயலெல்லாம் நடவு நட்ட நாற்று மூழ்கிக் கிடந்தது. கும்பகோணம் வந்தபோது பேட்டரி 31 சதவீதம். நேராக வீட்டுக்குப் போயிருந்தால் போதுமான சார்ஜ்தான். மறுநாள் காலையில் ஆடிட்டரைப் பார்க்கத் தஞ்சாவூர் போக வேண்டியிருந்ததால், எதற்கும் இருக்கட்டும் என்று பைபாஸ் பக்கம் ஒரு ஓட்டலில் இருந்த ஃபாஸ்ட் சார்ஜரின் கேபிள் நுனியில் இருக்கிற கன்னை வண்டியில் சொருகினேன். அந்த 'எதற்கும் இருக்கட்டும்' எனக்கு ஒரு ராத்திரியையும் ஒரு நாளையும் பதினோராயிரத்துச் சொச்சம் ரூபாயையும் வாங்கிக்கொண்டது.

மணி எட்டே முக்கால். சாப்பிட்டு வந்து பார்த்தால் 80 சதவீதம் ஆகியிருந்தது. ஆப்பில் நிறுத்தினேன். சார்ஜர் திரையில் முடிந்துவிட்டது, கன்னை எடுக்கலாம் என்று வந்தது. கன்னைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. சாவியில் அன்லாக் அமுக்கிவிட்டு இழுத்தேன், அப்போதும் வரவில்லை. டாஷ்போர்டில் பிளக் சொருகியிருக்கிறது என்று காட்டுகிற லைட் எரிந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி இழுத்தேன். இந்தத் தடவை காலை பம்பரில் முட்டுக்கொடுத்து இழுத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். ஓட்டல் வாட்ச்மேன் குடையோடு வந்து, "ஓங்கி ஒரு ஒதை விடுங்க தம்பி, வந்துரும்" என்றார். நல்லவேளை, அதை மட்டும் செய்யவில்லை.

முதலில் சார்ஜர் கம்பெனி ஹெல்ப்லைனுக்குப் போன் செய்தேன். "எங்க பக்கம் செஷன் முடிஞ்சிருச்சு சார், லாக் உங்க வண்டிதான் புடிச்சிருக்கு" என்றார்கள். வண்டிக் கம்பெனியின் ரோட்டோர உதவிக்குப் பேசினால், "சார்ஜர் ரிலீஸ் பண்ணாம வண்டி விடாது சார், அவங்களக் கேளுங்க" என்றார்கள். இப்படியே நாற்பது நிமிடம் போனது. இதில் யார் சொன்னது சரி என்பது எனக்கு அப்போது தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். சார்ஜர் கம்பெனிக்காரர் சொன்னதுதான் சரி. நம் ஊரில் இப்போது வருகிற கார்களில் இருக்கிற சிசிஎஸ் 2 வகை சார்ஜிங் போர்ட்டில் பூட்டு வண்டிக்குள்தான் இருக்கிறது. கன்னில் ஒரு குழி மாதிரி இருக்கும். வண்டியின் போர்ட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன மோட்டார் ஒரு பின்னைத் தள்ளி அந்தக் குழியில் இறக்கும். அவ்வளவுதான் பூட்டு. சார்ஜரால் கரண்டை நிறுத்த முடியும், வண்டிக்குச் செய்தி சொல்ல முடியும், பின்னை இழுக்க முடியாது. அந்தப் பின் இறங்கியது உறுதியானால்தான் டிசி கரண்டே ஓட ஆரம்பிக்கும். நானூறு வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது கன்னை உருவினால் தீப்பொறி சும்மா விடாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

இதற்குள் எனக்குப் பின்னால் ஒரு டாக்ஸி வந்து வரிசையில் நின்றுவிட்டது. காரைக்கால் பக்கத்து டிரைவர், அவரும் மின்சாரக் கார்தான், ஏழு சதவீதத்தில் வந்து நிற்கிறார். அவருடைய சவாரிக்காரர் ஒருவர் பொறுமையிழந்து இறங்கி வந்து சார்ஜரில் இருந்த சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அமுக்கிவிட்டார். சார்ஜர் இருண்டது. கன் அசையவே இல்லை. அந்தப் பட்டன் சார்ஜரின் மின்சாரத்தை வெட்டும், வண்டிப் பூட்டை ஒன்றும் செய்யாது. மின்சார ஆபத்து என்றால் தயங்காமல் அமுக்க வேண்டியதுதான். கன் வரவில்லை என்பதற்காக அமுக்கினால், பிறகு கம்பெனிக்காரரைப் பிடித்து சார்ஜரை மறுபடி உயிர்ப்பிக்கிறவரை வரிசையில் இருக்கிற எல்லோருக்கும் கஷ்டம். அன்றைக்கு அதற்கு இன்னொரு அரை மணி நேரம் ஆனது. சவாரிக்காரர் போய் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

வழி காட்டியது அந்த டிரைவர்தான். "அண்ணே, நீங்க இழுக்குறதுதான் தப்பு. உள்ள தள்ளுங்க" என்றார். கேட்டதும் கோபம்தான் வந்தது. அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. டிசி கேபிள் கை கனத்துக்கு இருக்கும், மழையில் தொங்கிக்கொண்டு கன்னைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். நாமும் வெளியே இழுத்தால் குழியின் விளிம்பு பின்னை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சின்ன மோட்டாருக்கு அதை மீறி இழுக்கத் தெம்பு கிடையாது. கன்னைக் கொஞ்சம் மேலே தூக்கி, உள்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு அன்லாக் அமுக்கினால் பின் தளர்ந்து போகும். என்னைப் போர்ட் பக்கம் காதை வைக்கச் சொன்னார். "டக்குனு ஒரு சத்தம் வரணும். சத்தமே இல்லன்னா மோட்டாருக்குக் கரண்டு வரல, இல்ல மோட்டார் போச்சு. டிர்ருன்னு மட்டும் வந்தா பின்னு எங்கயோ மாட்டிக்கிட்டு தவிக்குது."

மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பது பெரிய பேட்டரி இல்லை, சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கிப்போயிருந்தாலும் கன் மாட்டிக்கொள்ளும். என் வண்டியில் கதவு, லைட், ஹாரன் எல்லாம் நன்றாக வேலை செய்தன, அதனால் அது இல்லை. அவர் கன்னைத் தாங்கிப் பிடிக்க, நான் வண்டியைப் பூட்டித் திறந்தேன். டிர்ர்ர் என்று இழுபட்டது, டக் வரவில்லை. நான்கைந்து தடவையும் அதே கதை.

அந்த டிர்ர்ர் எனக்குப் புதிதல்ல. இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான். நீடாமங்கலத்தில் ஒருநாள் கன்னைச் சொருகியதும் டிர்ர், டிர்ர் என்று இரண்டு மூன்று தடவை சத்தம் வந்து, சார்ஜ் ஆரம்பிக்காமல் பிழை காட்டியது. எடுத்து மறுபடி சொருகியதும் ஓடியது. சார்ஜர்தான் சரியில்லை என்று அதைத் திட்டிவிட்டு வந்தேன். பின் முழுசாக இறங்காததால் வண்டி திரும்பத் திரும்ப முயற்சி செய்த சத்தம் அது. உங்கள் வண்டியில் பூட்டும்போது அப்படிச் சத்தம் கேட்டால், திறக்கும்போது மாட்ட வாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த வாரமே காட்டிவிடுங்கள். என்னை மாதிரி விட்டால், அது உங்களுக்குப் பிடித்த இடத்தில் மாட்டாது.

கடைசி வழி, கையால் விடுவிக்கிற கயிறு. பல வண்டிகளில் இருக்கிறது. சிலதில் டிக்கிக்குள், சிலதில் பானட்டுக்கு அடியில், சில மாடல்களில் இல்லவே இல்லை. என் வண்டியில் எங்கே என்று எனக்குத் தெரியாது, மேனுவல் வீட்டு அலமாரியில். மழையில் நின்றபடி போனில் மேனுவலைத் தேடிப் பக்கத்தைப் பிடிக்க இருபது நிமிடம் ஆனது. டிக்கியின் இடது பக்கச் சுவரில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி, அதற்குள் வளையம் போட்ட கயிறு. நிச்சயதார்த்தத்தில் கொடுத்த பழக்கூடை, என் துணிப் பை, ஸ்டெப்னி சாமான் எல்லாவற்றையும் இறக்கி வைத்தால்தான் மூடியே கண்ணுக்குத் தெரிந்தது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டு வாசலில் வெளிச்சத்தில் ஒருமுறை அந்த மூடியைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் போதும், நான் எழுதியதற்குப் பலன் கிடைத்தது மாதிரி.

கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் டிரைவர் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். சார்ஜ் நின்றுவிட்டது என்று ஆப்பிலும் வண்டித் திரையிலும் இரண்டிலும் பார்க்கச் சொன்னார். பிறகு வண்டியை ஆஃப் செய்து பத்து நிமிடம் சும்மா விட்டோம். சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கயிற்றை இழுத்துக் கன்னை உருவினால், பூட்டு எதற்காக இருக்கிறதோ அதையே தோற்கடித்த மாதிரி. அதேபோல வாட்ச்மேன் ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து "இந்தச் சந்துல வுட்டு நெம்பலாம்" என்றபோது டிரைவர் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே இருக்கிற பெரிய இரண்டு முனைகளும் செத்துவிட்டன என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல நம்மால் முடியாது.

அவர் கன்னைத் தூக்கி உள்ளே அழுத்தினார். நான் டிக்கிக்குள் தலையை விட்டுக் கயிற்றை மெதுவாக இழுத்தேன். இரண்டாவது தடவை ஒரு இறுக்கம் விட்டுக்கொடுத்தது கையில் தெரிந்தது. "வந்துருச்சுண்ணே!" மணி பதினொன்று பத்து. வெடுக்கென்று இழுத்திருந்தால் கயிறு அறுந்திருக்கும் என்று பின்னால் மெக்கானிக் சொன்னார். அறுந்தால் போர்ட்டைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கன் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கும்போதுதான் கயிறும் சுலபமாக வரும், அதனால் இது இரண்டு ஆள் வேலை.

கதை முடிந்தது என்று நினைத்து வண்டியில் ஏறினேன். ரெடி வந்தது, டி-யில் போட்டால் விழவில்லை. கேபிளை எடு என்கிறது திரை. பிளக் லைட் ஜம்மென்று எரிகிறது. கேபிளோ டாக்ஸியில் சொருகியாகிவிட்டது! அந்த நிமிடம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அன்றைக்கு எனக்குப் புரியாமல், பிறகு புரிந்துகொண்டது இதுதான். பூட்டு வேறு, அந்த லைட் வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் நான் குழம்பினேன். போர்ட்டில் பெரிய முனைகளோடு இரண்டு குட்டி முனைகள் உண்டு. ஒன்று சார்ஜரோடு பேச. இன்னொன்று பிளக் சொருகியிருக்கிறதா என்று பார்க்க மட்டும். இந்த இரண்டாவது முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் கன்னுக்குள் ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். 32 ஆம்பியர் ஏசி கேபிள் என்றால் 220 ஓம், 20 ஆம்பியருக்கு 680 ஓம். அந்த ஓம் அளவை வைத்து வண்டி கேபிள் வந்திருக்கிறது, இவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்று தெரிந்துகொள்கிறது. அந்தப் பக்கம் கரண்டே இல்லாவிட்டாலும் லைட் எரியும். வீட்டில் சோதித்துப் பார்க்கலாம்: சுவர் பக்கம் சுவிட்சை அணைத்துவிட்டு கேபிளை வண்டியில் சொருகினாலும் பிளக் லைட் வரும், வண்டியும் நகராது. கேபிளோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்பதற்கான தடை அது.

அப்படியென்றால் கேபிள் இல்லாமலே லைட் ஏன் எரிந்தது? போர்ட்டுக்குள் போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் தண்ணீர் பளபளத்தது. அந்தக் குட்டி முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் அழுக்குத் தண்ணீர் பாலம் போட்டுவிட்டால், ரெசிஸ்டர் செய்கிற வேலையை ஓரளவு அதுவே செய்துவிடும். வண்டி ஏமாந்துபோகும். டயருக்குக் காற்றடிக்கிற சின்னப் பம்பை வைத்து உள்ளே ஊதினேன். லைட் ஒரு தடவை அணைந்து மறுபடி வந்தது. துணியையோ டிஷ்யூ பேப்பரையோ விட்டுத் துடைக்கலாமா என்று தோன்றியது, துணிச்சல் வரவில்லை. துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே ஓட்டலில் இருந்தது, அதையும் வேண்டாம் என்றேன். எண்ணெய்ப் பசை உள்ளே படிந்தால் அதில் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும். ஓட்டலிலேயே 1,400 ரூபாய்க்கு ரூம் எடுத்தேன். வாட்ச்மேன் பெரியவரிடம் சொல்லி வண்டியைத் தள்ளவும் முடியவில்லை, பார்க்கிங் பூட்டு விடவில்லை. டாக்ஸி பின்னால் வளைந்து போய்க்கொண்டது.

காலையில் வெயில் வந்தது. போர்ட் மூடியைத் திறந்து சூரியனைப் பார்க்க விட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போனேன். ஒன்பதரை மணிக்கு வந்து பார்த்தால் லைட் தானாக அணைந்திருந்தது. டி விழுந்தது. ஆடிட்டர் பார்க்கிற நேரம் போய்விட்டது, நேராக வீட்டுக்கு வந்தேன். ஒரு சின்ன விஷயம்: கன்னை எடுக்காமல் நின்ற நேரத்துக்கு ஆப் 310 ரூபாய் பிடித்திருந்தது. நேரம் தெரிகிற மாதிரி எடுத்த போட்டோவும், அன்லாக் அமுக்கியும் வராத வீடியோவும் என்னிடம் இருந்ததால், அனுப்பி ஒரு வாரத்தில் திரும்ப வாங்கினேன். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் சென்டர் கதை தனி. வண்டிக்கு மூன்று வருட வாரண்டி முடிந்து நான்கு மாதம். பேட்டரிக்கு இருக்கிற எட்டு வருடம் போர்ட்டுக்கு வராது. கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு, பூட்டு பிழை பதிவாகியிருக்கிறது, கேபிள் கட்டோடு போர்ட் முழுசாக மாற்ற வேண்டும், 46,000 ஆகும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. "வெயில்ல வச்சதும் சரியாச்சே சார், தண்ணி எப்படி உள்ள நின்னுச்சு? அதப் பாருங்க" என்று விடாமல் கேட்டேன். அட்வைசர் முகத்தைச் சுளித்தார். ஒரு சின்னப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவன், "சார், தண்ணி போற டியூபப் பாக்குறேன்" என்று பின் சக்கரத்தை ஒட்டிய பிளாஸ்டிக் கவரைக் கழற்றினான். போர்ட்டில் விழுகிற மழைத்தண்ணீர் வெளியேற அடியில் ஒரு ஓட்டையும் அதிலிருந்து கீழே இறங்குகிற ரப்பர் குழாயும் உண்டு. அந்தக் குழாய் வாயில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. அழுத்தியதும் கெட்டியாக மண் உதிர்ந்தது, பின்னாலேயே ஒரு டம்ளர் பழுப்புத் தண்ணீர் கொட்டியது.

அத்தனை தண்ணீரும் பூட்டு மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. பின் போகிற தடத்தில் சேறும் துருவும். மோட்டார் மட்டும் தனி ஸ்பேராக வருகிறது என்பதை அட்வைசர் அப்போதுதான் 'ஞாபகப்படுத்திக்கொண்டார்'. மோட்டார் 7,800, கூலி 2,100. ரூமோடு சேர்த்து 11,300. மாற்றியபிறகு அந்தப் பையன் கேபிளை அடுத்தடுத்துப் பத்துத் தடவை சொருகி எடுத்துக் காட்டினான், பத்துத் தடவையும் டக். பிறகு போர்ட்டுக்குள் ஒரு கப் தண்ணீர் ஊற்றி, கீழே ஒழுகுவதைக் காட்டினான். பிளக் லைட் வரவில்லை. பையனுக்கு டீக்குக் காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டான்.

உங்களிடம் 46,000 என்று யாராவது சொன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள். பூட்டு மோட்டார் தனியாக வருகிறதா? தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தீர்களா? கேபிளைச் சொருகாமலே லைட் எரிந்தது, காய்ந்ததும் போய்விட்டது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். நன்றாகக் காய்ந்திருந்தும் லைட் எரிகிறது என்றால் குட்டி முனை வளைந்திருக்கலாம், வயர் போயிருக்கலாம். அப்போது போர்ட்டை மாற்றச் சொல்வதில் நியாயம் இருக்கும்.

இப்போது கன்னைச் சொருகும்போது கேபிள் தொங்காமல் தரையில் கிடக்கிற மாதிரி வண்டியை ஒட்டி நிறுத்துகிறேன். மாதம் ஒருமுறை வாசலில் குனிந்து, தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து அந்த ரப்பர் குழாய் வாயில் விட்டுச் சுற்றுகிறேன். ஈர்க்கு வளையும், குழாயைக் கிழிக்காது. என் மனைவி இதைப் பார்த்து, வண்டிக்குக் காது குடைகிறீர்களா என்று கேட்கிறாள். போன வாரம் குடைந்தபோது விரல் நுனி அளவுக்கு ஈர மண் வந்தது. அதே குளவியா, அதன் பிள்ளையா தெரியவில்லை.